கட்டுரை ஆசிரியரிடம் எரிப்பிழப்புச் சூத்திரத்தைப் பற்றி எப்படிக் கேட்பது?

கேள்வி: "பினாங்கில் முதுகலை ஆய்வு செய்கிறேன். பாலிக் புலாவ் பக்கத்து பாக்காவ் காட்டுச் சேற்றில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்பது தலைப்பு. நான் மிகவும் மதிக்கும் ஒரு கட்டுரையில் மண்ணை 550 டிகிரியில் 4 மணி நேரம் எரித்து, குறைந்த எடையை %C = 0.415 × LOI + 2.89 என்ற சூத்திரத்தில் போட்டிருக்கிறார்கள். என் மண் 8 விழுக்காடுதான் எடை இழக்கிறது. சூத்திரமோ 6.2 விழுக்காடு கார்பன் என்கிறது. ஏதோ இடிக்கிறது. ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதலாமா? குறை சொல்வதாக எடுத்துக்கொள்வாரோ என்று பயமாக இருக்கிறது."

நீங்கள் கேட்டிருப்பது மரியாதையைப் பற்றி. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு சந்தேகம் ஒளிந்திருக்கிறது: தப்பு சூத்திரத்திலா, என் சேற்றிலா, என் கணக்கிலா? அது தெளியாமல் எழுதினால் எவ்வளவு பணிவாக எழுதினாலும் மின்னஞ்சல் வழவழவென்றுதான் வரும். தெளிந்துவிட்டால் பயத்துக்கு வேலை இல்லை. அதனால் முதலில் மண்ணைப் பார்ப்போம், பிறகு மின்னஞ்சலுக்கு வருவோம். மண் ஆய்வுக்கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் மாதிரிகளை நான் கண்ணால் பார்த்ததில்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இடித்தது சரியாகவே இடித்திருக்கிறது. மண்ணில் உள்ள மட்கிய பொருள் முழுக்கக் கார்பன் அல்ல. அதில் ஆக்சிஜன், ஹைட்ரஜன், நைட்ரஜன் எல்லாம் சேர்ந்திருக்கும். பழைய பாடப்புத்தகக் கணக்குப்படி மட்கில் 58 விழுக்காடு கார்பன். 1.724 என்று ஒரு பெருக்கல் எண்ணைப் பார்த்திருப்பீர்கள், அது இதன் தலைகீழ்தான். 58 கூட அதிகம், 50 தான் நெருக்கம் என்று வாதிடுபவர்கள் உண்டு. இப்போது உங்கள் எண்ணைப் பாருங்கள். 100 கிராம் உலர்ந்த மண்ணில் 8 கிராம் எரிந்து போனது. அந்த 8 கிராமும் சுத்தமான மட்கு என்றே வைத்துக்கொண்டாலும் 58 விழுக்காட்டுக் கணக்கில் 4.64 கிராம் கார்பனுக்கு மேல் வராது. சூத்திரம் 6.21 என்கிறது. அதாவது எரிந்து போனதில் 78 விழுக்காடு கார்பன். கரித்தூளை எரித்தால் அப்படி வரலாம், பாக்காவ் வேரும் இலையும் மட்கிய சேற்றில் வராது.

சூத்திரத்தில் LOI என்பது எரிப்பிழப்பு, அதாவது எரித்ததில் குறைந்த எடையின் விழுக்காடு. அந்த இடத்தில் பூஜ்யம் போட்டுப் பாருங்கள். எதுவுமே எரியாத மண்ணிலும் 2.89 விழுக்காடு கார்பன் இருப்பதாகச் சொல்லும். வெறும் ஆற்று மணலுக்கும் அதே விடைதான். இதற்காகச் சூத்திரத்தைத் திட்ட வேண்டாம். அது பலாவு நாட்டுச் சதுப்புநில மண்ணை எரித்தும், அதே மண்ணின் கார்பனை நேரடியாக அளந்தும், இரண்டு அளவுகளுக்கும் நடுவில் போட்ட நேர்க்கோடு. புள்ளிகள் இருக்கும் இடத்தில் கோட்டை நம்பலாம். புள்ளிகள் இல்லாத இடத்துக்கு நீட்டினால் கோடு வாய்க்கு வந்ததைச் சொல்லும். 40 விழுக்காடு எரியும் கரிய வேர்ச்சேற்றுக்கு அதே சூத்திரம் 19.5 விழுக்காடு கார்பன் தருகிறது. எரிந்ததில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, நம்பக்கூடிய எண். கீழே இறங்க இறங்கத்தான் கோளாறு. எரிப்பிழப்பு ஏறக்குறைய 17.5 விழுக்காட்டுக்குக் கீழே போனதும் சூத்திரம் 58 என்ற எல்லையைத் தாண்டிவிடும். கால்குலேட்டரில் இரண்டு நிமிட வேலை, நீங்களே போட்டுப் பாருங்கள். உங்கள் மாதிரிகள் அந்த 17.5க்கு வெகு கீழே நிற்கின்றன.

இது வரைக்கும் உறுதி. இனி வருவது உங்கள் மண்ணைப் பொறுத்தது. பினாங்குத் தீவின் மேற்குக் கரைச் சேறு பெரும்பாலும் களிமண். தீபகற்பத்தின் கடலோரக் களிமண்ணில் கயோலினைட், இல்லைட், மாண்ட்மோரிலோனைட் மூன்றும் கலந்தே கிடக்கும். இவற்றில் கயோலினைட்தான் உங்கள் தலைவலி. அதன் படிகத்துக்குள்ளேயே நீர் கட்டுண்டு கிடக்கிறது, எடையில் கிட்டத்தட்ட 14 விழுக்காடு. சாதாரணமாக உலர்த்தினால் இந்த நீர் அசையாது. 450 டிகிரியை ஒட்டி வெளியேறத் தொடங்கி 600 டிகிரிக்குள் பெரும்பகுதி போய்விடும். நீங்கள் எரிக்கும் 550 அதன் நட்டநடுவில் இருக்கிறது. உங்கள் சேற்றில் 40 விழுக்காடு கயோலினைட் என்று வைத்துக்கொள்வோம். அந்த நீர் முழுவதும் போனால் 5.6 விழுக்காடு எடை குறையும், மட்கு ஒரு துளிகூட இல்லாமலேயே. உங்கள் 8 விழுக்காட்டில் மிஞ்சுவது 2.4. அதில் 58 விழுக்காடு கார்பன் என்றால் 1.4. நீர் பாதிதான் போனது என்றால் மட்கு 5.2, கார்பன் 3. ஆக ஒரே மண்ணுக்கு 6.2, 3, 1.4 என்று மூன்று விடைகள்.

விழுக்காடாகப் பார்க்கையில் சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும். ஹெக்டேருக்கு எத்தனை டன் என்று மாற்றும்போதுதான் உறைக்கும். ஒரு கன சென்டிமீட்டர் மண் 0.8 கிராம், ஆழம் ஒரு மீட்டர் என்று வைத்தால் 6.21 விழுக்காட்டுக்கு ஹெக்டேருக்கு 497 டன் கார்பன், 1.4 விழுக்காட்டுக்கு 112 டன். நான்கு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் நீங்கள் வரப்போகும் முடிவே இதில் தலைகீழாகிவிடும்.

இத்தனையும் களிமண் நீரின் வேலைதான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. உங்கள் சேற்றில் கயோலினைட் எவ்வளவு என்பதை எக்ஸ்ரே விளிம்பு விளைவுச் சோதனை செய்யாமல் யாராலும் சொல்ல முடியாது. பாக்காவ் சேற்றில் பைரைட் என்ற இரும்புச் சல்பைடும் இருக்கும். காற்றில் எரியும்போது அது இரும்பு ஆக்சைடாக மாறி மூன்றில் ஒரு பங்கு எடையை இழக்கும். ஆனால் மண்ணில் 3 விழுக்காடு பைரைட் இருந்தாலும் எரிப்பிழப்பில் அது 1 விழுக்காடுதான் கூட்டும். களிமண் நீர் முதல் சந்தேகம், பைரைட் இரண்டாவது.

மூன்றாவது சந்தேகம் உங்கள் கையில் இருக்கிறது, மின்னஞ்சல் அனுப்புவதற்கு முன் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். எரிப்பதற்கு முன் மண்ணை எத்தனை டிகிரியில் உலர்த்தினீர்கள்? சதுப்புநில ஆய்வுகளில் 60 டிகிரியில் உலர்த்துவது வழக்கம், மட்கு கெடாமல் இருக்க. ஆனால் 60 டிகிரியில் உலர்ந்த களிமண் இன்னும் கொஞ்சம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஃபர்னஸில் அது போகும்போது அதையும் மட்குக் கணக்கில் எழுதிவிடுவோம். எரிப்பதற்குச் சற்று முன் அதே மூசையில் 105 டிகிரியில் இரவு முழுக்க வைத்து, எடை மாறாமல் நிற்கும் வரை பார்த்து, அந்த எடையைத் தொடக்க எடையாகக் கொள்ள வேண்டும். எடை போடும்போதும் கவனம் வேண்டும். நம்ம ஊர்க் காற்றில் காய்ந்த களிமண் டின்னுக்கு வெளியே விட்ட முறுக்கு மாதிரிதான், சில நிமிடத்தில் நமத்துவிடும். ஓவனிலிருந்து எடுத்ததும் டெசிக்கேட்டரில் ஆற வைத்து, ஆறியதும் உடனே தராசில் வைக்க வேண்டும். எரித்து முடித்த சாம்பலுக்கும் இதே விதி. தராசில் எண் மெல்ல ஏறிக்கொண்டே போனால் மண் ஈரம் குடிக்கிறது என்று அர்த்தம். 2 கிராம் மாதிரியில் 20 மில்லிகிராம் ஏறினாலே 1 விழுக்காடு தவறிவிடும், அது உங்கள் மொத்த எண்ணில் எட்டில் ஒரு பங்கு.

ஃபர்னஸுக்குள்ளும் ஒரே சூடு இருப்பதில்லை. பழைய ஃபர்னஸ்களில் கதவுப் பக்கம் ஆறியும் பின்சுவர்ப் பக்கம் கொதித்தும் இருக்கும். ஒரே மண்ணை நான்கு மூசைகளில் போட்டு முன்னே, பின்னே, இடம், வலம் என்று வைத்து ஒருமுறை எரித்துப் பாருங்கள். நான்கும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத் தந்தால் நிம்மதி. கயோலினைட் நீர் வெளியேறும் வெப்பத்தில்தான் நீங்கள் எரிக்கிறீர்கள் என்பதால், 20, 30 டிகிரி வித்தியாசம்கூட இந்த மண்ணில் எண்ணாக வந்து நிற்கும்.

இந்த இரண்டும் சரியாக இருந்தால், அடுத்து ஒரு மலிவான சோதனை. அதே மண்ணை ஒரு மூசை 450 டிகிரியிலும் ஒரு மூசை 550 டிகிரியிலும் எரியுங்கள். 450இல் மட்கின் பெரும்பகுதி எரிந்துவிடும், ஆனால் எடை நிலைக்க நேரம் அதிகம் பிடிக்கும். அதனால் 4 மணி நேரத்தோடு நிறுத்தாமல் 8 மணி நேரம் வரை வைத்து, மறுபடி வைத்து, எடை நின்றுவிட்டதா என்று பாருங்கள். 450இல் 4 விழுக்காடும் 550இல் 8 விழுக்காடும் வந்தால் நடுவில் போன 4 விழுக்காட்டில் பெரும்பங்கு களிமண் நீர் என்று சந்தேகிக்க நல்ல காரணம் இருக்கிறது. இது நிரூபணம் ஆகாது, அந்த வெப்பத்துக்குத் தாக்குப்பிடித்த கரித்தூள் போன்ற பொருளும் அதில் இருக்கலாம். ஆனால் இரண்டு வெப்பத்திலும் ஏறக்குறைய ஒரே எண் வந்தால் களிமண் நீர் என்ற என் சந்தேகம் விழுந்துவிடும், நீங்கள் வேறு இடத்தில் தேட வேண்டும்.

உறுதியான விடை தருவது நேரடி அளவீடு ஒன்றுதான். பத்துப் பதினைந்து மாதிரிகளைத் தேர்ந்தெடுங்கள். குறைவாக எரிந்ததும் அதிகமாக எரிந்ததும் கலந்து இருக்கட்டும். சிப்பித் துண்டுகளின் கார்பனேட்டைப் போக்க நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நனைத்து எடுத்து, கார்பனையும் நைட்ரஜனையும் நேரடியாக அளக்கும் சிஎன் அனலைசரில் கொடுங்கள். கிடைத்த கார்பனைச் செங்குத்து அச்சிலும் உங்கள் எரிப்பிழப்பைக் கிடை அச்சிலும் போட்டு ஒரு கோடு வரையுங்கள். உங்கள் மண்ணுக்கான சூத்திரம் அதுதான். அந்தக் கோடு கிடை அச்சை எங்கே வெட்டுகிறது என்பதைக் கூர்ந்து பாருங்கள். உதாரணத்துக்கு %C = 0.45 × LOI − 1.8 என்று வந்தால், கார்பன் பூஜ்யமாகும் இடம் 4 விழுக்காடு. அதாவது மட்கே இல்லாவிட்டாலும் உங்கள் மண் சுமார் 4 விழுக்காடு எடை இழக்கும். களிமண் நீர் உள்ள மண்ணில் கடைசியில் நிற்கும் எண் இப்படிக் கழித்தல் குறியோடுதான் வர வேண்டும். நீங்கள் எடுத்துக்கொண்ட சூத்திரத்தில் கூட்டல் குறி. முரண்பாட்டின் ஆணிவேர் அங்கேதான்.

சரி, மின்னஞ்சலுக்கு வருவோம். ஆசிரியரிடம் கேட்கத் தோன்றுவது பல இருக்கும். எத்தனை டிகிரியில் உலர்த்தினீர்கள், மூசையில் எவ்வளவு மண், களிமண் நீரைக் கழித்தீர்களா, மூலத் தரவைத் தர முடியுமா? இதில் ஒன்றைத்தான் கேட்க வேண்டும். ஒன்றுக்கு மேல் கேட்டால் அவர் 'அப்புறம் உட்கார்ந்து எழுதலாம்' என்று ஒதுக்கி வைப்பார், அந்த அப்புறம் வருவதே இல்லை. எந்த ஒன்று? பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடாமல் நினைவிலிருந்தே சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும், அவர் சொல்லும் விடை உங்கள் வேலையை மாற்ற வேண்டும். உலர்த்திய வெப்பம் இதில் தேறாது. அவர் எந்த டிகிரி சொன்னாலும் நீங்கள் 105இல் உலர்த்தத்தான் போகிறீர்கள். "உங்கள் சூத்திரம் சரியா" என்பதும் தேறாது, ஏனென்றால் சூத்திரம் அவருடையது அல்ல. அவர் வேறொரு ஆய்விலிருந்து எடுத்து ஆண்டிருக்கிறார். அவர் எடுத்த முடிவு ஒன்றே ஒன்று: இந்தக் கோட்டை எந்த மாதிரிகள் வரைக்கும் நீட்டுவது என்பது. அதைத்தான் கேட்க வேண்டும். குறைவாக எரிந்த மாதிரிகளுக்கும் இதே சூத்திரத்தைப் போட்டீர்களா, இல்லை நேரடியாக அளந்தீர்களா?

கேட்பதற்கு முன் இரண்டு இடங்களில் தேடிப் பாருங்கள். ஒன்று, கட்டுரையோடு இணைத்த துணைக் கோப்பு. மாதிரிவாரியான எரிப்பிழப்பு அட்டவணை பல நேரம் அங்கே கிடக்கும், யாரும் திறப்பதில்லை. அவருடைய மாதிரிகள் எல்லாம் 20 விழுக்காட்டுக்கு மேல் என்று அதில் தெரிந்தால் மின்னஞ்சலே தேவையில்லை, அவர் செய்தது சரி, உங்கள் மண்ணுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். இரண்டு, சூத்திரத்துக்கு அவர் மேற்கோள் காட்டிய மூலம். அங்கே போய் அந்தக் கோட்டுக்கு அடியில் புள்ளிகள் எங்கிருந்து எங்கு வரை இருக்கின்றன என்று படத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு கையேடு இருந்தால் அதைத் தாண்டி முதல் கட்டுரை வரைக்கும் போக வேண்டும். சூத்திரம் கை மாறும்போது முதலில் உதிர்வது அதன் எல்லைதான், எண்கள் மட்டும் பத்திரமாகப் போய்ச் சேரும்.

மின்னஞ்சலை யார் பெயருக்கு அனுப்புவது என்பதற்கு அதிகம் யோசிக்க வேண்டாம். தொடர்புக்கு என்று குறியிட்டிருப்பவருக்கு. அவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்தால் பழைய முகவரி செத்திருக்கும், அவருடைய மிகச் சமீபத்திய கட்டுரையில் புது முகவரி இருக்கும். முதல் பெயர் வேறு ஒருவருடையது என்றால் ஃபர்னஸ் முன்னால் நின்றவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார், அவருக்கும் நகல் போடலாம். எல்லா ஆசிரியர்களுக்கும் அனுப்பாதீர்கள். எல்லாருக்கும் போனால் இன்னொருவர் பதில் எழுதுவார் என்று எல்லாரும் இருந்துவிடுவார்கள். உங்கள் சூப்பர்வைசரிடம் முதலில் சொல்லிவிடுங்கள், நகலிலும் போடுங்கள். இங்கே அது வெறும் மரியாதை மட்டுமல்ல. அவருக்கு அந்த ஆசிரியரை மாநாட்டில் தெரிந்திருக்கலாம், வாட்ஸ்அப்பில் கேட்டே விடை வாங்கித் தரலாம். பட்டம் விஷயத்தில் நம் நாட்டுப் பழக்கம் வேறு, வெளிநாட்டுப் பழக்கம் வேறு. ஆசிரியர் மலேசியர் என்றால் பேராசிரியர், டத்தோ என்று என்னென்ன இருக்கிறதோ அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் பார்த்துச் சரியாகப் போடுங்கள். வெளிநாட்டவர் என்றால் டாக்டர் போதும்.

மின்னஞ்சலை நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். உள்ளடக்கம் எப்படி இருக்கலாம் என்று தமிழில் எழுதிக் காட்டுகிறேன். பெயர்களையும் எண்களையும் உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

"பொருள்: உங்கள் சதுப்புநிலக் கார்பன் கட்டுரை — எரிப்பிழப்பு குறைந்த மாதிரிகள் பற்றி ஒரு கேள்வி.

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, நான் பினாங்கில் முதுகலை ஆய்வு மாணவி. பினாங்குத் தீவின் மேற்குக் கரைச் சதுப்புநில மண்ணில் உங்கள் முறையைப் பின்பற்றி வேலை செய்கிறேன். என் மேற்பார்வையாளரை இதில் நகலில் சேர்த்திருக்கிறேன். வேர்ப்படலத்தோடு நிறுத்தாமல் அடியில் உள்ள களிமண் வரைக்கும் நீங்கள் மண் எடுத்திருப்பதைப் பார்த்துத்தான் நானும் ஆழமாக எடுத்தேன்.

என் கேள்வி அந்தக் களிமண் அடுக்கைப் பற்றியது. என் மாதிரிகள் 550 டிகிரியில் 6 முதல் 10 விழுக்காடு எடை இழக்கின்றன. 8 விழுக்காட்டுக்கு, நீங்கள் பயன்படுத்திய சூத்திரம் 6.2 விழுக்காடு கார்பன் தருகிறது. இது எரிந்த பொருளில் 78 விழுக்காடு என்றாகிறது. உங்கள் மாதிரிகளில் எரிப்பிழப்பு 15 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தவற்றுக்கும் இதே சூத்திரத்தைப் பயன்படுத்தினீர்களா, அல்லது அவற்றின் கார்பனை நேரடியாக அளந்தீர்களா? துணைக் கோப்பிலும் மூலக் கட்டுரையிலும் தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு வரி பதில் போதும். நன்றி."

அவ்வளவுதான். கைப்பேசித் திரையில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். பாராட்டு ஒரே ஒரு வாக்கியம், அதுவும் அவர் செய்த ஒரு குறிப்பிட்ட வேலையைச் சொல்கிறது, கேள்விக்கும் அதுவே வழி விடுகிறது. "உங்கள் அற்புதமான கட்டுரை என்னை மிகவும் கவர்ந்தது" என்று தொடங்கும் மின்னஞ்சல்கள் எனக்கும் வந்திருக்கின்றன. எழுதியவர் கட்டுரையைப் படித்தாரா என்பதே அவற்றில் தெரியாது. உங்கள் மின்னஞ்சலில் 8, 6.2, 78 என்ற மூன்று எண்கள் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். பார்ப்பவர் ஐந்து விநாடியில் மனக்கணக்குப் போட்டு, 'அட, ஆமாம்' என்று நிமிர்ந்து உட்காருவார். கேள்வி இரண்டில் ஒன்று என்ற வடிவில் இருக்கிறது, இரண்டில் எதுவும் அவரைக் குற்றவாளி ஆக்கவில்லை. உங்கள் பயத்துக்கு என் பதில் இதுதான். "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்டால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தொடங்குவார். "எதைச் செய்தீர்கள்" என்று கேட்டால் சொல்லிவிட்டுப் போவார். எக்செல் கோப்பு எதையும் இணைக்காதீர்கள். தேவைப்பட்டால் அவரே கேட்பார்.

களிமண் நீரைப் பற்றிய ஊகத்தையும் மின்னஞ்சலில் எழுதாமல் விட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது வேண்டுமென்றேதான். ஊகத்தைச் சொன்னால் பேச்சு கயோலினைட் பக்கம் திரும்பிவிடும், அவர் அதைப் பற்றி ஒரு பத்தி எழுதுவார், உங்களுக்கு வேண்டிய ஒரு வரி அதில் இருக்காது. பதில் வந்த பிறகு இரண்டாவது மின்னஞ்சலில் உங்கள் 450, 550 சோதனை எண்களோடு சொல்லலாம். அப்போது அது வெறும் ஊகமாக இராது, கையில் தரவு இருக்கும்.

"நேரடியாகத்தான் அளந்தோம், கட்டுரையில் இடம் போதாமல் விட்டுவிட்டோம்" என்று பதில் வரலாம். அப்படியென்றால் நீங்களும் அதையே செய்யுங்கள். அந்தத் தகவலை ஆய்வேட்டில் தனிப்பட்ட தகவல்தொடர்பு என்று குறிப்பிட அவரிடம் ஒரு வரியில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். "எல்லாவற்றுக்கும் சூத்திரம்தான்" என்றும் வரலாம். அப்போது அவருடைய களிமண் அடுக்கின் கார்பன் எண்கள் அதிகமாகக் காட்டப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அதை நீங்கள் அறிவிக்கப் போக வேண்டாம். நன்றி சொல்லிவிட்டு சூப்பர்வைசரிடம் காட்டுங்கள். திருத்தம் வெளியிடுவதா என்பது ஆசிரியரும் இதழும் பார்த்துக்கொள்ள வேண்டியது. உங்கள் ஆய்வேட்டில், எரிப்பிழப்பு குறைந்த மண்ணுக்கு இந்தச் சூத்திரம் ஏன் பொருந்தாது என்று கணக்கோடு ஒரு பத்தி எழுதினால் போதும், அவர் பெயரைச் சுட்ட வேண்டியதே இல்லை. பதிலே வராமலும் போகலாம், அதுதான் அதிகம் நடப்பது. இரண்டு மூன்று வாரம் கழித்து அதே மின்னஞ்சலுக்குக் கீழே ஒரு வரி நினைவூட்டல், அதற்கு மேல் வேண்டாம். பதில் வராவிட்டாலும் உங்கள் வேலை நிற்காது. சிஎன் அளவீட்டில் கிடைக்கும் உங்கள் சொந்தக் கோடு அவருடைய எந்தப் பதிலையும்விட உங்கள் மண்ணுக்குப் பொருத்தமானது.

15 விழுக்காடு என்று மின்னஞ்சலில் நான் போட்ட எல்லை ஒரு வசதிக்காகத்தான். 17.5 என்று எழுதினால் ஏன் அந்த எண் என்று விளக்க இன்னொரு வாக்கியம் வேண்டியிருக்கும். உங்கள் ஆய்வேட்டில் எழுதும்போது 58 விழுக்காட்டுக் கணக்கைக் காட்டி 17.5 என்றே போடுங்கள். 50 விழுக்காட்டுக் கணக்கை எடுத்துக்கொண்டால் அதே எல்லை 34க்குப் போய்விடும். தேர்வாளர் யாராவது அதைக் கேட்பார், எந்தக் கணக்கை ஏன் எடுத்தீர்கள் என்று சொல்லத் தயாராக இருங்கள்.

இன்னொன்று. எரிக்காமல் மிச்சம் இருக்கும் உலர்ந்த தூளை ஒவ்வொரு மாதிரியிலும் குறைந்தது 5 கிராமாவது இறுக மூடி, பை எண்ணும் ஆழமும் எழுதி எடுத்து வையுங்கள். சிஎன் அனலைசருக்கு மில்லிகிராம் கணக்கில்தான் தேவை, எக்ஸ்ரே சோதனைக்கு ஓரிரு கிராம் போதும். எரித்த சாம்பலில் இரண்டையுமே செய்ய முடியாது. கார்பன் போயிருக்கும், கயோலினைட்டின் படிகமும் குலைந்திருக்கும்.